கரண்டியில் ஒரு கணக்கு, தராசில் ஒரு கணக்கு

எங்கள் ஆயா சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடமாகிறது. போன வருடம் காரைக்குடிக்குப் போயிருந்தபோது காபி கலந்துகொண்டே சொன்னார்: “நான் சீனியத் தொடுறதே இல்ல தம்பி. இப்பல்லாம் வெல்லந்தேன்.”

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘தான்’ என்பது ‘தேன்’ ஆகிவிடும். ஆயா சொன்னது வெல்லம்தான். ஆனால் அடுப்படி மேடையில் நாட்டுச்சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தேன் பாட்டிலும் நிஜமாகவே இருந்தது. காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி தேன், மூன்று வேளை காபிக்கு நாட்டுச்சர்க்கரை. சீனி டப்பா மேல் தட்டுக்குப் போயிருந்தது. சீனி கெட்டது, வெல்லமும் தேனும் நல்லது என்று யாரோ சொல்லி, ஆயாவும் ஒரு வருடமாக அப்படியே செய்துவந்திருக்கிறார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி மட்டும் இறங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு டிஜிட்டல் தராசை வாங்கிவந்து இந்த மூன்றையும் நிறுத்துப் பார்த்தோம். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தேனில் சீனியைவிடக் கலோரி குறைவு என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், இல்லை, தேனில்தான் அதிகம் என்பார். இரண்டு பேரும் சரிதான். முதலாமவர் நூறு கிராம் கணக்கில் பேசுகிறார். நூறு கிராம் சீனியில் 387 கலோரி, நூறு கிராம் தேனில் சுமார் 304. இரண்டாமவர் டீஸ்பூன் கணக்கில் பேசுகிறார். ஒரு டீஸ்பூன் சீனியில் 16 கலோரி, ஒரு டீஸ்பூன் தேனில் 21.

இப்படித் தலைகீழாவதற்குக் காரணம் எளிது. டீஸ்பூன் என்பது எடை இல்லை, கொள்ளளவு: ஐந்து மில்லி இடம். அந்த இடத்தில் எவ்வளவு எடை உட்காரும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சீனி மணி மணியாக இருப்பதால் மணிகளுக்கு நடுவே காற்று நிற்கும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4.2 கிராம்தான். தேனில் காற்றுக்கு இடமே இல்லை. அது தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம், அதனால் அதே டீஸ்பூனில் 7 கிராம் இறங்கிவிடும். அந்த 7 கிராமில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். அதைக் கழித்தாலும் 5.8 கிராம் மாவுச்சத்து மிஞ்சுகிறது. மாவுச்சத்து என்று கார்போஹைட்ரேட்டைத்தான் சொல்கிறேன். சீனியில் தண்ணீரே இல்லை, 4.2 கிராமும் மாவுச்சத்துதான்.

ஆக, தேனின் கலோரியைக் குறைத்துக் காட்டுவது அதிலுள்ள தண்ணீர், கூட்டிக் காட்டுவது அதன் கனம். கரண்டியில் அளக்கும் வீட்டில் கனம்தான் ஜெயிக்கும். காபியில் யாரும் நூறு கிராம் போடுவதில்லையே!

இதை வீட்டில் சரிபார்ப்பதில் இரண்டு சிக்கல் உண்டு. முதல் சிக்கல் கரண்டி. வீட்டு எவர்சில்வர் கரண்டி எல்லாம் ஐந்து மில்லி என்று நம்பிவிடக் கூடாது. இருமல் மருந்துடன் வரும் பிளாஸ்டிக் மூடியில் ஐந்து மில்லிக்குக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடுவரை தண்ணீர் பிடித்து நம் கரண்டியில் ஊற்றினால் தெரிந்துவிடும். ஆயா காபிக்குப் போடும் கரண்டி ஐந்து மில்லிக்குச் சரியாக இருந்தது. வெந்நீரில் தேன் ஊற்றும் கரண்டியோ பதினைந்து மில்லி பிடித்தது. அது டீஸ்பூனே இல்லை, டேபிள்ஸ்பூன். இரண்டுக்கும் ஆயா வைத்திருந்த பெயர் ஒன்றே: கரண்டி.

இரண்டாவது சிக்கல் தராசு. அடுப்படித் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. நாலு கிராமை அதில் நிறுத்தால் 4 என்றும் காட்டும், 5 என்றும் காட்டும். அதனால் பத்துக் கரண்டியாகப் போட்டு நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். தலைதட்டிப் பத்துக் கரண்டி சீனி 42 கிராம் வந்தது, மேலே சொன்ன கணக்குப்போலவே. தேனைக் கிண்ணத்தில் ஊற்றி நிறுத்தபோது பத்துக் கரண்டி 64 கிராம்தான் காட்டியது. மிச்சம் கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது! அப்புறம் பாட்டிலையே தராசில் வைத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்ததும் கணக்கு 70 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கரண்டியை வெந்நீரிலேயே கலக்கி வழித்துக் குடிப்பவர்களுக்கு இந்த 70தான் சரியான கணக்கு.

வெல்லத்துக்கு இப்படி ஒற்றை எண் சொல்லவே முடியாது. ஒரு டீஸ்பூன் வெல்லத்தில் இத்தனை கலோரி என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்த வெல்லம், எப்படி அளந்தது என்று கேட்க வேண்டும். நாட்டுச்சர்க்கரை பொலபொலவென்று இருக்கும். தலைதட்டிய கரண்டி எங்கள் தராசில் மூன்றரை கிராம்தான் வந்தது. அதே கரண்டியில் அச்சு வெல்லத்தைச் சீவி, கட்டைவிரலால் அமுக்கி அளந்தால் ஐந்து கிராம். வேலை எல்லாம் காற்றும் அமுக்கலும்தான்.

போதாக்குறைக்கு வெல்லத்தில் உள்ள ஈரமும் ஒரே அளவாக இருப்பதில்லை. காய்ச்சிய பதம், வைத்திருந்த இடம், பருவம் எல்லாம் அதில் சேரும். ஐப்பசி மழையில் மண்டை வெல்லம் கசிந்து டப்பாவின் அடியில் பிசுபிசுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலிருந்து அது ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் அது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் நூறு கிராம் கரும்பு வெல்லத்துக்கு 383 கலோரி, 95 கிராம் மாவுச்சத்து. 2017இல் வந்த புதிய அட்டவணையில் சுமார் 354 கலோரி, 85 கிராம். நடுவில் பத்துக்கு ஒன்பது பங்கு மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால் வீட்டுக் கணக்குக்குப் போதும். அப்படிப் பார்த்தால் ஒரு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரையில் 3 கிராமுக்குச் சற்று அதிகமான மாவுச்சத்து, சுமார் 13 கலோரி. அமுக்கிய அச்சு வெல்லத்தில் நாலரை கிராம், சுமார் 18 கலோரி. சீனி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஆயா ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப நாட்டுச்சர்க்கரை சீனியவிடக் கம்மிதானே தம்பி?”

கரண்டிக்குக் கம்மிதான். ஆனால் யாரும் கரண்டிக்காகக் காபி குடிப்பதில்லை, இனிப்புக்காகக் குடிக்கிறோம். கரண்டியில் எடை குறைந்தால் இனிப்பும் சேர்ந்தே குறையும். வெல்லத்தில் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கூடவே ஈரம், கொஞ்சம் உப்புச் சத்துகள், காய்ச்சியதில் வந்த நிறமும் மணமும். எடைக்கு எடை பார்த்தால் சீனியைவிட இனிப்பு சற்று மட்டு. அதனால் கை தானாக இன்னொரு கரண்டியைத் தேடும்.

அது எங்கே போய் நிற்கும் என்று ஆயாவையே வழக்கம்போலப் போடச் சொல்லி நிறுத்தோம். முன்பு சீனி போட்ட காலத்தில் ஒரு காபிக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன். சீனி பயத்தில் அளந்து போட்டிருக்கிறார். மூன்று காபிக்கு 13 கிராம் மாவுச்சத்து, 50 கலோரி. நாட்டுச்சர்க்கரைக்கு மாறியதும் பயம் போய்விட்டது. காபிக்கு இரண்டு கரண்டி, அதுவும் கோபுரமாக. கோபுரக் கரண்டி ஒன்று 6 கிராம் வந்தது. இரண்டு கரண்டி, மூன்று வேளை என்றால் நாளுக்கு 36 கிராம் நாட்டுச்சர்க்கரை. அதில் மாவுச்சத்து 32 கிராம், கலோரி சுமார் 130. காலைத் தேன் அந்தப் பெரிய கரண்டியில் 21 கிராம். அதில் 17 கிராம் மாவுச்சத்து, 64 கலோரி. ஆகமொத்தம் 49 கிராம் மாவுச்சத்து. சீனியை விட்ட பிறகு ஒரு நாளைக்கு உள்ளே போகும் இனிப்பு நாலு மடங்குக்குப் பக்கம் ஏறியிருக்கிறது.

உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்ன வரம்பு இதுதான்: வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை, ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. இரண்டாயிரம் கலோரி சாப்பிடுபவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். எழுபது வயது தாண்டிய ஆயா இரண்டாயிரம் கலோரி சாப்பிடுவதும் இல்லை. அந்த வரம்பில் தேனையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று அதே அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. தேன் இயற்கையானது என்று அதற்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பொய் இல்லை. நூறு கிராமுக்கு இரண்டரையிலிருந்து நாலரை மில்லிகிராம் வரை சொல்கிறார்கள். ஆனால் டீஸ்பூனுக்கு வந்து பாருங்கள். ஐந்து கிராம் வெல்லத்தில் அதிகபட்சம் கால் மில்லிகிராம்கூட வராது. வயதுவந்த பெண்ணுக்கு நம் நாட்டில் பரிந்துரைப்பது ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். அதை வெல்லத்திலேயே எடுக்கப் பார்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். முருங்கைக்கீரையை ஆய்ந்து பொரியல் பண்ணிவிடலாம்.

சரி, கலோரியும் மாவுச்சத்தும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கட்டும், ரத்தத்தில் ஏறும் வேகத்திலாவது வித்தியாசம் இருக்குமா? வெல்லத்துக்கும் சீனிக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சுக்ரோஸ் குடலில் இரண்டாக உடையும், பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். வெல்லத்துக்கும் அதே கதைதான். வெல்லத்தில் நார்ச்சத்து இருப்பதால் மெதுவாக ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. கரும்பின் நார் சக்கையோடு வெளியே போய்விடுகிறது, கொப்பரையில் கொதிப்பது சாறுதான். வெல்லம் பழுப்பாக இருக்கிறது என்பதற்காக அதைத் தவிட்டோடு கூடிய அரிசிபோல நினைக்கக் கூடாது.

தேன் கொஞ்சம் வேறு. உடைக்கும் வேலையைத் தேனீக்களே முடித்துவிடுகின்றன. அதனால் தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியாகவே இருக்கும், பெரும்பாலும் ஃபிரக்டோஸ் சற்றுத் தூக்கலாக. ஃபிரக்டோஸ் நேரே கல்லீரலுக்குப் போவதால் அந்தப் பங்கு உடனே ரத்த அளவில் தெரியாது. ஆகவே எடைக்கு எடை தேன் கொஞ்சம் மெதுவாக ஏற்றலாம். ஆனால் கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் 4.2 கிராமுக்குப் பதில் 5.8 கிராம் போகிறது. அந்தச் சின்ன லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

தேனில் ஒரு நல்ல வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கட்டுப்பாடு வேண்டும். எடைக்கு எடை தேனின் இனிப்பு சீனிக்குக் குறைவில்லை. அதனால் ஒரு டீஸ்பூன் சீனிக்குப் பதில் அரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகமான தேன் போதும். அப்படி அளந்து போட்டால் 13 கலோரியோடு முடிந்துவிடும். ஆனால் ஃபிரக்டோஸின் இனிப்பு சூட்டில் மங்கும். குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றில் தூக்கலாகத் தெரியும் அதே தேன், கொதிக்கும் வெந்நீரில் சப்பென்று இருக்கும். உடனே இன்னொரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு. தேன் ஊற்ற வேண்டும் என்றால் வெந்நீர் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஊற்றுவது நாக்குக்கும் கணக்குக்கும் நல்லது.

ஆயாவுக்குக் காபிக் கணக்கைவிட உறைத்தது கும்மாயக் கணக்குதான். உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி வறுத்துத் திரித்த மாவில் வெல்லப் பாகும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. “அதுல சீனியே இல்லையே” என்று ஒரு உருண்டை கூடுதலாகவே எடுத்துக்கொள்வார். அன்று கால் கிலோ வெல்லம் போட்டுக் கிண்டினோம், பத்துப் பேர் சாப்பிட்டோம். ஆளுக்கு 25 கிராம் வெல்லம், அதில் மாவுச்சத்து 22 கிராமுக்கு மேல். ஐந்து டீஸ்பூன் சீனிக்குச் சமம். மாவிலிருந்து வருவது தனி. வெல்லத்துக்குப் பதில் அதே எடைக்குச் சீனி போட்டிருந்தால் ஆளுக்கு இரண்டு மூன்று கிராம் கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கும்மாயத்தில் ஆளுக்குப் பத்து கிராம் நெய்யும் இருந்தது. நெய்யில் மாவுச்சத்து இல்லை, அதனால் ரத்தச் சர்க்கரையை நேரே ஏற்றாது. ஆனால் கலோரியில் அது 90, வெல்லம் தரும் 90க்குச் சமம். எடை குறைக்க நினைப்பவர் பார்க்க வேண்டிய கணக்கு கலோரி, சர்க்கரை நோய்க்காரர் முதலில் பார்க்க வேண்டியது மாவுச்சத்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் வெல்லத்தைத் திட்டுகிறோமா நெய்யைத் திட்டுகிறோமா என்றே தெரியாது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தலைதட்டி ஒரு கரண்டி என்ற அளவில் நின்றால் மூன்றில் எதைப் போட்டாலும் வித்தியாசம் இரண்டு, இரண்டரை கிராம்தான். அந்தக் காபியில் ஊற்றும் முக்கால் டம்ளர் பாலிலேயே ஆறேழு கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. எந்த டப்பா என்பதைவிட எத்தனை கரண்டி என்பதே பெரிய விஷயம். வேண்டுமானால் வெல்லத்தை அதன் மணத்துக்காகப் போடலாம், கந்தரப்பத்துக்குச் சீனி போட்டால் அது கந்தரப்பமா என்ன? மருந்து என்று நினைத்துப் போடும்போதுதான் கரண்டி கோபுரமாகிறது.

டீஸ்பூன் கணக்கு உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. அதில் மூன்றும் ஒன்றில்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சில நேரம் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். கருவியில் 70க்குக் கீழே காட்டும். அப்போது வேகமாக ஏறக்கூடிய 15 கிராம் மாவுச்சத்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பச் சோதிக்கச் சொல்வார்கள். 15 கிராம் என்பது சீனியில் மூன்றரை டீஸ்பூன், தேனில் இரண்டரை டீஸ்பூன். சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். வெல்லக் கட்டி இந்த வேலைக்கு ஆகாது. கடித்து மென்று கரைவதற்குள் நேரம் போய்விடும், எத்தனை கிராம் உள்ளே போனது என்றும் தெரியாது. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகள் சுக்ரோஸ் உடைவதையே தடுப்பவை. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதைத் தணிக்க அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனித் தண்ணீர் சீக்கிரம் வேலை செய்யாது, வெல்லமும் செய்யாது. உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடியைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

ஆயாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் வோக்லிபோஸ் என்று போட்டிருந்தது. அன்று இரவே மருந்துக்கடையில் குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு வாங்கி, ஒன்றை மாத்திரை டப்பாவிலும் ஒன்றை ஆயாவின் சுருக்குப்பையிலும் வைத்தோம். மேல் தட்டிலிருந்த சீனி டப்பாவை மறுநாள் காலை ஆயாவே கீழே இறக்கினார். கரண்டியில் மொண்டு, டப்பா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் தலையைச் சரித்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“நாலு கிராம்தேன்,” என்றார்.